முயலும் லிங்ஸ் பூனையும் ஒரே வரைபில்: உச்சங்கள் ஏன் சேர்ந்து வருவதில்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் முயலும் அதைத் தின்று வாழும் லிங்ஸ் என்ற காட்டுப் பூனையும் ஆண்டாண்டாகக் கூடிக் குறைவதைக் காட்டும் வரைபு இது. மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கமும் உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளைகள் இதைக் கண்டதும் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். வயல் செய்கிறவர்கள் கேட்ட இரண்டையும் அவற்றோடு சேர்த்து, கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். பதில்கள் ஒன்றை ஒன்று தொட்டுப் போவதால் மேலிருந்து வாசிப்பது நல்லது.

"சேர், ஒரே வரைபில ரெண்டு கோடு கிடக்கு. எது இரை, எது இரைகௌவி எண்டு பெயர் போடாட்டி எப்படிக் கண்டுபிடிக்கிற?"

உயரத்தை வைத்துக் கண்டுபிடிக்கப் பார்க்காதீர்கள். பல வரைபுகளில் இடது பக்க அச்சு இரைக்கும் வலது பக்க அச்சு இரைகௌவிக்கும் இருக்கும், இரண்டின் அளவுத்திட்டமும் வேறு. இரைகௌவிக் கோடு உயரத் தெரிந்தாலும் உண்மையில் அதன் எண்ணிக்கை மிகக் குறைவாக இருக்கலாம்.

பார்க்க வேண்டியது நேர அச்சை. எந்தக் கோடு முதலில் உச்சத்தைத் தொட்டு முதலில் விழுகிறதோ அது இரை. சற்றுப் பிந்தி அதே மாதிரி ஏறி விழுவது இரைகௌவி. அந்தப் பிந்துதலைத்தான் பின்தங்கல் என்கிறோம்.

"முயல் உச்சத்தில நிக்கிற நேரம்தானே சாப்பாடு ஆகக் கூட. அப்ப லிங்ஸும் அதே நேரம்தானே உச்சத்துக்கு வரணும்?"

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான். உணவு தீர்மானிப்பது லிங்ஸ் எத்தனை இருக்கின்றன என்பதை அல்ல, அவை எவ்வளவு வேகத்தில் கூடுகின்றன என்பதை. முயல் ஆகக் கூடுதலாக உள்ளபோது லிங்ஸின் பெருகும் வேகம் ஆகக் கூடுதல். அதாவது அந்த இடத்தில் லிங்ஸ் கோட்டின் சாய்வு செங்குத்தாக இருக்கும், கோடு உச்சத்தில் இருக்காது.

சேனாநாயக்க சமுத்திரத்தை நினைத்துப் பாருங்கள். மழை கொட்டித் தீர்க்கும் நாளில் குளம் நிரம்பிவிடுவதில்லை. மழை குறைந்த பிறகும், உள்ளே வரும் நீர் வெளியே போகும் நீரைவிடக் கூட இருக்கும்வரை நீர்மட்டம் ஏறிக்கொண்டேதான் இருக்கும். வரவும் செலவும் சமமாகும் அன்றுதான் குளம் உச்சம். லிங்ஸுக்கு வரவு குட்டிகள், செலவு சாவுகள். முயல் குறையத் தொடங்கிவிட்டாலும், இறக்கும் லிங்ஸை ஈடுகட்டுமளவுக்குக் குட்டிகள் தப்பிப் பிழைக்கும்வரை லிங்ஸ் கூடும். குட்டியும் சாவும் சமமாகும் அந்த முயல் மட்டத்தை எல்லை மட்டம் என்று வைத்துக்கொள்வோம். முயல் கோடு உச்சத்திலிருந்து இறங்கி அந்த மட்டத்தைக் கடக்கும் நேரமே லிங்ஸின் உச்சம்.

இதைத் திருப்பிப் போட்டாலும் சரி. முயல் கோடு ஏறுமுகத்தில் அதே மட்டத்தைக் கடக்கும்போது லிங்ஸ் தன் அடிமட்டத்தில் நிற்கும். வரைபில் எல்லை மட்டத்தில் ஒரு கிடைக்கோடு கீறிப் பாருங்கள், லிங்ஸின் மேடும் பள்ளமும் அந்தக் கோட்டை முயல் வெட்டும் இடங்களுக்கு நேராக விழும்.

"லிங்ஸ் குட்டி போட்டு வளர்க்க எடுக்கிற காலம்தானே சேர் இந்தத் தாமதம்?"

பாதி சரி. லிங்ஸ் ஆண்டுக்கு ஒரு தடவைதான், கோடை தொடங்கும் நேரம் குட்டி போடும். குட்டி அடுத்த பனிக்காலம் முழுவதும் தாயோடு திரியும். இந்த வரைபின் எண்கள் பொறியில் பிடித்து விற்ற தோல்களின் கணக்கு, ஆகவே நல்ல முயல் ஆண்டின் பலன் பொறி வைப்பவர் கையில் தோலாக வர ஒன்றிரண்டு பனிக்காலம் பிடிக்கும். இது தாமதத்தைக் கூட்டும்.

ஆனால் இதைத் தூக்கிவிட்டாலும் பின்தங்கல் போகாது. இரையும் இரைகௌவியும் கூடிக் குறைவதைக் கணக்கிட 1925-இல் லொட்கா, 1926-இல் வொல்தெரா என்ற கணித அறிஞர்கள் தனித்தனியே எழுதிய சமன்பாடுகளில் கர்ப்பகாலமும் இல்லை, குட்டி வளரும் காலமும் இல்லை. தின்ற உணவு அந்தக் கணமே புது இரைகௌவியாகிவிடும். அப்படியிருந்தும் அந்தச் சமன்பாடுகளை வரைந்தால் இரைகௌவி பின்னால்தான் வரும். காரணம் முன் பதிலில் சொன்னதுதான்: உணவு வேகத்தை மாற்றுகிறது, எண்ணிக்கை அந்த வேகம் சேர்ந்து சேர்ந்து உருவாவது.

"ஒரு நோட்ஸ்ல 1, 2 வருசம் எண்டு கிடக்கு. இன்னொண்டில சுற்றில காற்பங்கு எண்டு கிடக்கு. எதை எழுதுற?"

இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. லொட்கா, வொல்தெரா சமன்பாட்டில் ஏற்ற இறக்கம் சிறிதாக இருந்தால் பின்தங்கல் சரியாகச் சுற்றின் காற்பங்கு. ஏற்ற இறக்கம் பெரிதானால் முயல் உச்சத்திலிருந்து வேகமாகச் சரிந்து எல்லை மட்டத்தைச் சீக்கிரமே கடந்துவிடும், அதனால் பின்தங்கல் காற்பங்கைவிடக் குறையும். கனடாவின் முயல், லிங்ஸ் சுற்று ஏறத்தாழ 10 ஆண்டு. காற்பங்கு என்றால் இரண்டரை ஆண்டு. பதிவுகளில் காண்பது 1 முதல் 2 ஆண்டு.

வாய்ச்சொல்லாக விடாமல் எண்களைப் பார்ப்போம். ஹட்சன் பே கம்பனியின் தோல் வியாபாரப் பதிவுகளிலிருந்து வந்து, பாடநூல்களில் திரும்பத் திரும்ப எடுத்தாளப்படும் தொடர் இது. 1900 முதல் 1920 வரை, ஆண்டுக்கு ஓர் எண், ஆயிரங்களில்:

```
முயல்:  30 47.2 70.2 77.4 36.3 20.6 18.1 21.4 22 25.4 27.1
        40.3 57 76.6 52.3 19.5 11.2 7.6 14.6 16.2 24.7
லிங்ஸ்: 4 6.1 9.8 35.2 59.4 41.7 19 13 8.3 9.1 7.4
        8 12.3 19.5 45.7 51.1 29.7 15.8 9.7 10.1 8.6
```

முதல் சுற்றில் முயல் உச்சம் 1903 (77.4), லிங்ஸ் உச்சம் 1904 (59.4). பின்தங்கல் 1 ஆண்டு. இரண்டாம் சுற்றில் முயல் 1913 (76.6), லிங்ஸ் 1915 (51.1). பின்தங்கல் 2 ஆண்டு. ஒரே விலங்கு, ஒரே நாடு, ஆனால் இரண்டு விடை. பரீட்சைத் தாளில் ஒரு வரைபு தந்திருந்தால் அந்த வரைபில் உள்ளதை அளந்து எழுதுங்கள். வரைபு இல்லாமல் பொதுவாகக் கேட்டால் 1 முதல் 2 ஆண்டு.

"உச்சத்தை மட்டும் பார்த்தா ஒண்டு வருது, ரெண்டு வருது. சரியான விடை எடுக்க வேற வழி இல்லையா?"

உண்டு. உச்சம் என்பது ஒரே ஒரு புள்ளி. ஆண்டுக்கு ஒரு தடவை மட்டும் எண்ணும்போது உண்மையான உச்சம் இரண்டு எண்களுக்கு நடுவில் எங்கோ ஒளிந்திருக்கும். முதல் சுற்றையே பாருங்கள்: முயல் 1902-இல் 70.2, 1903-இல் 77.4, அடுத்த ஆண்டே 36.3. வளைவை இழைத்துக் கீறினால் உச்சம் 1903-க்குக் கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கும். ஆகவே அந்த 1 ஆண்டு உண்மையில் ஒன்றைவிடக் கூட.

இதைவிட நல்ல வழி, முழுக் கோட்டையும் நகர்த்திப் பார்ப்பது. எக்செல்லில் A நிரலில் ஆண்டு, B-யில் முயல், C-யில் லிங்ஸ் என்று இரண்டாம் வரியிலிருந்து 22-ஆம் வரி வரை போடுங்கள். பிறகு இவற்றை ஒவ்வொன்றாகத் தட்டுங்கள்:

```
=CORREL(B2:B22,C2:C22)
=CORREL(B2:B21,C3:C22)
=CORREL(B2:B20,C4:C22)
=CORREL(B2:B19,C5:C22)
```

முதலாவது நகர்த்தாமல், அடுத்தவை லிங்ஸை 1, 2, 3 ஆண்டு பின்னுக்கு இழுத்து முயலோடு பொருத்துபவை. விடைகள் ஏறத்தாழ 0.07, 0.73, 0.93, 0.58. நகர்த்தாவிட்டால் இரண்டுக்கும் தொடர்பே இல்லாதது போலத் தெரிகிறது! ஒரே ஆண்டின் முயலையும் லிங்ஸையும் மட்டும் ஒப்பிட்டு "ஒன்றை ஒன்று பாதிக்கவில்லை" என்று முடிவெடுத்தால் எவ்வளவு தூரம் பிழைத்துப் போகும் என்று இதிலேயே தெரியும். ஆகக் கூடிய பொருத்தம் 2 ஆண்டில். முதல் சுற்றின் உச்சங்கள் 1 ஆண்டு என்று காட்டினாலும், மொத்தத் தொடரும் சொல்வது 2-ஐ.

"அந்த எல்லை மட்டம் எத்தனை எண்டு இந்த எண்களில இருந்தே எடுக்கலாமா?"

முயற்சி செய்யலாம், ஆனால் ஒரே எண் கிடைக்காது. அதுதான் இதில் சுவாரசியமே. 1914-இல் முயல் 52.3, அடுத்த ஆண்டு லிங்ஸ் இன்னும் கூடியது. 1904-இல் முயல் 36.3, அடுத்த ஆண்டு லிங்ஸ் குறைந்தது. அப்படியானால் எல்லை 36-க்கும் 52-க்கும் இடையில் என்று எழுதிவிடலாம் போல இருக்கும். ஆனால் 1900-ஐப் பாருங்கள். முயல் வெறும் 30, ஆனாலும் லிங்ஸ் 4-இலிருந்து 6.1-க்கு ஏறியது.

என்ன வித்தியாசம்? 1900-இல் தின்ன வந்த லிங்ஸ் கொஞ்சம். 1904-இல் அதைப் போல 15 மடங்கு. முயலின் எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தாலும் தலைக்கு வரும் பங்கு ஒன்றல்ல. எளிய சமன்பாட்டில் எல்லை மட்டம் மாறாத கிடைக்கோடு, காட்டில் அது லிங்ஸ் கூடக் கூட மேலே போகும் சாய்கோடு. நெருக்கடி கூடினால் எல்லையும் உயரும், முயல் அதைச் சீக்கிரம் கடக்கும், பின்தங்கலும் சுருங்கும். காற்பங்கைவிடக் குறைவாக வருவதற்கு இது இன்னொரு காரணம்.

"1906-க்குப் பிறகு லிங்ஸ் சரசரவெண்டு குறைஞ்சிட்டு. முயல் ஏன் உடனே கூடல்ல?"

கூர்மையான கண். 1905 முதல் 1910 வரை லிங்ஸ் 41.7-இலிருந்து 7.4-க்கு விழுகிறது, முயலோ 18-க்கும் 27-க்கும் இடையில் தவழ்கிறது. எளிய சமன்பாடு இந்தத் தவழ்தலை விளக்காது. அதன்படி இரைகௌவி குறைந்ததும் இரை பாய்ந்து ஏற வேண்டும்.

கனடாவின் யூக்கொன் பகுதியில், குளுவானி ஏரிப் பக்கம் நெடுங்காலம் வேலை செய்த சார்ல்ஸ் கிரெப்ஸ் குழுவினர் தரும் விளக்கம் இது: முயலைத் தின்பது லிங்ஸ் மட்டுமல்ல, கயோட்டியும் பெரிய ஆந்தையும் உண்டு. ஓயாமல் துரத்தப்படும் தாய் முயலின் உடலில் அழுத்த ஹோர்மோன் ஏறுகிறது, போடும் குட்டிகளின் எண்ணிக்கையும் தரமும் குறைகின்றன. துரத்தல் ஓய்ந்த பிறகும் அந்தத் தாய்களின் பிள்ளைகள் வழியே பாதிப்பு கொஞ்ச காலம் தொடர்கிறது.

"அப்ப முயல் குறையிறதுக்குக் காரணம் இரைகௌவியா, சாப்பாட்டுத் தட்டுப்பாடா? எம்சிகியூல ரெண்டும் கிடக்கு."

அதே குழுவினர் 1986 முதல் 1994 வரை இதைக் காட்டிலேயே சோதித்தார்கள். ஒவ்வொன்றும் ஒரு சதுர கிலோமீற்றர் அளவான நிலத்துண்டுகள். சிலவற்றில் முயலுக்கு மேலதிக உணவு போட்டார்கள், ஒன்றில் மின்வேலி போட்டுத் தரை இரைகௌவிகளை வெளியே நிறுத்தினார்கள், ஒன்றில் இரண்டையும் செய்தார்கள். ஒன்றும் செய்யாத நிலத்தோடு ஒப்பிட்டால், வேலி மட்டும் போட்ட இடத்தில் முயலின் அடர்த்தி சுமார் 2 மடங்கு, உணவு மட்டும் போட்ட இடத்தில் சுமார் 3 மடங்கு, இரண்டும் சேர்ந்த இடத்தில் சுமார் 11 மடங்கு.

இரண்டையும் மூன்றையும் பெருக்கினால் ஆறு, வந்ததோ பதினொன்று. தனித்தனியாகச் செய்யும் வேலையைவிட இரண்டும் சேர்ந்து செய்யும் வேலை பெரிது. ஆகவே "இரண்டும்" என்று தெரிவு இருந்தால் அதைப் போடுங்கள்.

"ஒரு வரைபில லிங்ஸ் முதல் ஏறுது, முயல் பிறகு ஏறுது. அப்ப முயல்தான் லிங்ஸைத் தின்னுதா?"

இதே கேள்வியை 1973-இல் மைக்கேல் கில்பின் என்ற சூழலியலாளர் ஓர் ஆய்வுக் கட்டுரையில் கிண்டலாகக் கேட்டார். 1875-க்குப் பிந்திய சில பத்தாண்டுகளின் தோல் பதிவுகளை வரைந்தால் சில சுற்றுகளில் ஒழுங்கு தலைகீழாகத்தான் வருகிறது.

முயல் மேல் பழி போடுவதற்கு முன், எண்ணப்பட்டது எது என்று பாருங்கள். காட்டில் உலவிய விலங்கை யாரும் எண்ணவில்லை. எண்ணியது கடைக்கு வந்த தோல். முயல் தோல் ஒரு பகுதியிலிருந்தும் லிங்ஸ் தோல் வேறு பகுதிகளிலிருந்தும் வந்திருந்தால், இரண்டு காடுகளின் கதையை ஒரே வரைபில் ஒட்டியதாகிவிடும். லிங்ஸ் தோல் விலைபோகும், முயல் தோல் அற்ப விலை. லிங்ஸ் மலிந்த ஆண்டில் பொறி வைப்பவர் முயலுக்கு மெனக்கெட மாட்டார். பொறி வைக்கும் பருவம் இரண்டு நாட்காட்டி ஆண்டுகளில் நீள்வதால், எந்த ஆண்டுக்கு எழுதினார்கள் என்பதிலேயே ஓராண்டு பிசகலாம். பின்தங்கலே ஒன்றிரண்டு ஆண்டுதான் எனும்போது அந்த ஓராண்டு ஒழுங்கைப் புரட்டிப் போடப் போதும்.

"தம்பி, எங்கட வட்டையில அறக்கொட்டியானையும் சிலந்தியையும் எண்ணி இப்படி ஒரு வரைபு போடலாமா?"

போடலாம், ஆனால் சுற்றுச் சுற்றாக வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். அறக்கொட்டியான் நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் ஒரு தத்தி, அதன் ஒரு தலைமுறை சுமார் ஒரு மாதம். மூன்றரை மாத நெல்லில் மூன்று தலைமுறைக்குள் அறுவடை வந்து எல்லாவற்றையும் கலைத்துவிடும். பெரும்போகத்தில் தொடங்கிய கோடு சிறுபோகத்துக்குத் தொடராது. ஆகவே ஒரு போகத்தில் பார்க்கக் கிடைப்பது ஒரு மேடு, அதன் பின்னால் இன்னொரு மேடு. பின்தங்கலை ஆண்டில் அல்ல, வாரத்தில் அளக்க வேண்டும். மாதம் ஒருமுறை எண்ணினால் இரண்டு மேடும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்ததுபோலத் தெரியும். வாரம் ஒருமுறையாவது எண்ணுங்கள். நம் பக்கம் வீசி விதைப்பதால் தூர்க் கணக்கு சரிவராது, ஓரடிச் சதுரச் சட்டம் ஒன்றைப் பல இடங்களில் வைத்து, பயிரின் அடித்தண்டைத் தட்டி எண்ணுவது வசதி.

இன்னொன்று, சிலந்தியைவிட நல்ல சோடி ஒன்று வயலில் உண்டு. அறக்கொட்டியானின் முட்டையை உறிஞ்சும் மிரிட் என்ற சிறிய பச்சைப் பூச்சி. அது பெரும்பாலும் தத்திகளின் முட்டையையே நம்பி வாழ்வதால் தத்தி கூடினால்தான் கூடும், பின்தங்கல் தெளிவாக விழும். சிலந்தி அப்படியல்ல. நாற்றுப் பருவத்திலேயே நீர்ப்பரப்பில் மொய்க்கும் கொசுகு போன்றவற்றைத் தின்று பெருகி, தத்தி வருமுன்னே காத்திருக்கும். அதன் கோடு தத்தியின் கோட்டுக்கு முன்னாலேயே ஏறியிருந்தால் எண்ணியது பிழை என்று நினைக்க வேண்டாம்.

"மருந்தடிச்சா தத்தியும் சாகுது, சிலந்தியும் சாகுது. பிறகு தத்தி மட்டும் எப்படி முந்தியைவிடக் கூடுது?"

இரண்டையும் சம அளவில் கொன்றாலும் அடி சமமாக விழுவதில்லை. மருந்து, இரைகௌவியின் சாவைக் கூட்டுகிறது. கூடிய சாவை ஈடுகட்ட அதற்கு முன்பைவிட அதிக இரை வேண்டும், அதாவது மேலே சொன்ன எல்லை மட்டம் உயர்கிறது. இரையின் சராசரி எண்ணிக்கை அந்த எல்லையைச் சுற்றித்தான் நிற்கும். ஆகவே கொல்லக் கொல்ல இரையின் சராசரி ஏறும், இரைகௌவியின் சராசரி இறங்கும். வொல்தெரா காட்டியது இதைத்தான். அவரை இந்தக் கணக்குக்குள் இழுத்ததும் இதன் மறுபக்கம்: முதலாம் உலகப் போரில் ஏட்ரியாட்டிக் கடலில் மீன்பிடி குறைந்தபோது, ஃபியூமே துறைமுகத்துக்கு வந்த மீனில் சுறா வகைகளின் பங்கு 1914-இல் 11.9 சதவீதமாக இருந்து 1918-இல் 36.4-க்கு ஏறியது. பிடிப்பது பழையபடி கூடியதும் 1923-இல் 10.7.

வயலில் இதற்கு மேல் ஒன்று சேர்கிறது. தத்தியின் முட்டை இலையுறைக்குள் பதிந்திருப்பதால் பல மருந்துகள் அதைத் தொடாது. மேலே உள்ள சிலந்தியும் மிரிட்டும் செத்துக் கிடக்க, ஒரு வாரம் பத்து நாளில் முட்டை பொரிக்கும். வரைபில் அடையாளம் சுலபம்: தெளித்த நாளில் இரண்டு கோடும் விழும், பிறகு தத்திக் கோடு மட்டும் எழும், அதன் பின்னால் வரவேண்டிய இரண்டாவது மேடு வராது அல்லது மிகப் பிந்தி வரும். இந்தோனேசியா 1986-இல் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்ததற்கு இந்தத் தத்தியின் மீளெழுச்சியே காரணம்.

"குமணையில சிறுத்தையும் புள்ளிமானும் இப்படி 10 வருசத்துக்கு ஒருக்காக் கூடிக் குறையுமா?"

அப்படி எதிர்பார்க்கக் காரணமில்லை. சிறுத்தைக்கு மான் கிடைக்காவிட்டால் பன்றி, மரை, குரங்கு, முயல் எல்லாம் உண்டு. ஓர் இரை குறைந்தவுடன் மற்றதற்குத் தாவும் விலங்கு அந்த ஒன்றின் கோட்டைப் பின்தொடராது. லிங்ஸ் கிட்டத்தட்ட ஒரே இரையில் தொங்கி நிற்பதால்தான் வரைபு அவ்வளவு அழகாக வருகிறது.

"கடைசியா ஒண்டு சேர். x அச்சில முயல், y அச்சில லிங்ஸ் போட்டா வளையம் மாதிரி வருது. அதில பின்தங்கல் எங்க?"

வளையத்துக்குள்ளேயே இருக்கிறது. பின்தங்கல் இல்லாவிட்டால் இரண்டும் சேர்ந்து ஏறி, சேர்ந்து இறங்கும், புள்ளிகள் ஒரே கோட்டின் மேல் போய்ப் போய் வரும், வளையம் திறக்காது. மேலுள்ள எண்களில் 1902 முதல் 1910 வரையுள்ள புள்ளிகளை வரிசையாக இணைத்துப் பாருங்கள். வலப்பக்கக் கோடியில் 1903, உச்சியில் 1904, பிறகு இடப்பக்கம் இறங்கி 1910-இல் கீழே. கடிகார முள்ளுக்கு எதிர்த் திசை. இரைகௌவி பின்னால் வரும் எந்தச் சோடிக்கும் இந்தத் திசைதான்.

1875-க்குப் பிந்திய அந்தக் குழப்பமான தோல் பதிவை இப்படிப் போட்டால் சில வளையங்கள் கடிகார முள்ளின் திசையில் சுற்றும். நேர வரைபில் கண்ணுக்குத் தப்புவது இதில் உடனே பிடிபடும். இதில் இழப்பது நேரத்தைத்தான். 1903-இலிருந்து 1904-க்கு நீண்ட தாவல், 1907-இலிருந்து 1908-க்குச் சின்ன அடி, இரண்டும் ஓராண்டுதான். அதனால் ஒவ்வொரு புள்ளியின் பக்கத்திலும் ஆண்டை எழுதி விடுங்கள்.